அத்தைக்கு எந்தத் தமிழ்?

மூன்று மாதங்களுக்கு முன்னால் என் அத்தைக்கு அவள் கணக்கு வைத்திருக்கும் பாங்கிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. ஒரு பக்கம், முழுக்க ஆங்கிலம். ஜனங்கள் பார்க்கும் அறிவிப்புப் பலகைகளையும் படிவங்களையும் பிரதேச மொழியிலும் வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி நெடுநாளாகச் சொல்லி வருகிறது. ஆனாலும் தபாலில் வருகிற காகிதம் ஆங்கிலத்தில்தான் வருகிறது. அதைப் பற்றிய என் கோபத்தை வேறொரு சந்தர்ப்பத்துக்கு வைத்துக்கொள்ளுகிறேன். இன்றைக்கு என் கோபம் பாங்கின்மேல் அல்ல. என் குடும்பத்தின்மேலும், என் குடும்பத்தைப் போன்ற ஆயிரமாயிரம் படித்த குடும்பங்களின்மேலும்தான்.

அத்தைக்கு வயது 78. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் தனியாக இருக்கிறாள். மாமாவின் குடும்பப் பென்ஷன் அந்தக் கணக்கில்தான் வந்து விழுகிறது. ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். ஆனால் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு வாரப் பத்திரிகைகளில் வருகிற தொடர்கதையை ஒரு வரி விடாமல் படிப்பவள். என் கதைகளையும் படித்துவிட்டு, "கடைசியிலே அந்தப் பெண்ணைச் சாகடிச்சிருக்க வேண்டாம்" என்று சொல்லுகிற அளவுக்கு விமரிசகி. இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், இந்த வயதுக்காரர்களைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் நம்மில் பலர் அவர்களை எழுத்தறியாதவர்களாகவோ குழந்தைகளாகவோ எண்ணிக்கொண்டுவிடுகிறோம். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது, அவ்வளவுதான். தமிழ் நன்றாகவே தெரியும்.

பக்கத்து வீட்டுப் பையன் அந்த நோட்டீஸைப் போனில் படம் பிடித்து எங்கள் குடும்பத்தார் எல்லாரும் பார்க்கிற வாட்ஸப் குழுவில் போட்டான். அரை மணி நேரத்தில் இரண்டு மொழிபெயர்ப்புகள் வந்து சேர்ந்தன. ஒன்று, சென்னையில் எஞ்சினீயராக இருக்கும் என் அண்ணன் மகனுடையது. தமிழ்ப் பற்று மிக்கவன்; அகராதியைப் புரட்டி உழைத்திருந்தான். அவன் எழுதியது இது:

"தங்கள் கணக்கு தொடர்பான வாடிக்கையாளர் அடையாள விவரங்கள் காலமுறைப் புதுப்பித்தலுக்கு உரியனவாக உள்ளமையால், விவரங்களில் மாற்றம் ஏதுமில்லாதவிடத்துத் தன்னுறுதிமொழியும், முகவரியில் மாற்றம் இருப்பின் சுயசான்றொப்பமிடப்பட்ட ஏற்புடைய ஆவண நகலும் 30ஆம் தேதியன்றோ அதற்கு முன்னரோ சமர்ப்பிக்கப்படுதல் வேண்டும். தவறின், கணக்கின் பற்றுச் செயல்பாடுகள் மட்டுப்படுத்தப்படலாம்."

இதில் ஒரு பிழையும் இல்லை. ஆங்கிலத்தில் இருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் நேராக ஒரு தமிழ்ச் சொல் நிற்கிறது. பரீட்சையில் எழுதியிருந்தால் நல்ல மார்க்கு கிடைத்திருக்கும்.

இரண்டாவது, என் சித்தப்பா மகனுடையது. அவன் வியாபாரி, அவசரக்காரன்.

"அத்தே பாங்குல கேஒய்சி கேக்கான். ஆதார எடுத்துட்டு ஒரு எட்டு போய் குடுத்துட்டு வந்துரு. இல்லனா காச எடுக்க முடியாது. சீக்கிரம் போ."

இரண்டையும் அத்தை படித்தாள். மறுநாள் காலையில் எனக்குப் போன் செய்தாள். குரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"எப்பா, நான் யாருகிட்டயும் பத்து வைக்கலியே. ஒங்க மாமா இருந்த காலத்துலயும் பாங்குல ஒரு பைசா கடன் வாங்கினதில்ல. இப்ப என்னமோ பத்துன்னு போட்டிருக்கே? உறுதிமொழி வேற கேக்கானாம். கோர்ட்டுக்குக் கீர்ட்டுக்குப் போகணுமா?"

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கணக்கெழுதும் பாஷையில் பற்று என்றால் கணக்கிலிருந்து வெளியே போகும் தொகை. 'பற்றுச் செயல்பாடு' என்றால் பணம் எடுப்பது. ஆனால் எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடையில் 'பற்று' என்றால் வாடிக்கைக்காரர் கடைக்குத் தரவேண்டிய பாக்கி. அத்தை வாழ்க்கை முழுவதும் அந்தச் சொல்லை அந்த அர்த்தத்தில்தான் கேட்டிருக்கிறாள். 'உறுதிமொழி' என்ற சொல்லையோ கூண்டிலேறிச் சத்தியம் செய்வதோடு சேர்த்துத்தான் அறிந்திருக்கிறாள். பாங்கு சொன்னது, "மாறவில்லை என்று எழுதிக் கொடு" என்பது. அத்தைக்குக் கேட்டது, "கடன் பாக்கி இருக்கிறது, வந்து சத்தியம் செய்" என்பது. அன்று இரவு அவள் தூங்கவில்லை.

இந்த இடத்தில் என் சிநேகிதர் ஒருவர் குறுக்கிடுவார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல தமிழறிஞர். இந்தக் கதையை நான் அவரிடம் சொன்னபோதே குறுக்கிட்டார். "உத்தியோக முறையான காகிதத்துக்கு உத்தியோக முறையான தமிழ்தான் வேண்டும். பெரியவர்களுக்கு எழுதும்போது மரியாதை என்று ஒன்று இருக்கிறது. உம்மைப் போன்ற கதைக்காரர்கள் பாத்திரங்களின் வாயில் கொச்சையைப் போட்டுப் போட்டு, எதையும் கொச்சையாகவே எழுதலாம் என்று ஜனங்களைப் பழக்கிவிட்டீர்கள்" என்றார்.

அவருடைய கட்சியை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன். 'சமர்ப்பிக்கப்படுதல் வேண்டும்' என்பது எந்த ஊர் மரியாதை? 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்', 'மட்டுப்படுத்தப்படலாம்', 'ஆவன செய்யப்படும்' என்று யார் செய்கிறார், யாருக்குச் செய்கிறார் என்பதையே மறைத்துப் பேசுவது தமிழின் இயல்பா? 1956-இல் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் வந்தது. நல்ல காரியம். ஆனால் அதற்குப் பின் ஆபீஸ்களில் எழுந்த தமிழில் பெரும்பகுதி ஆங்கில ஆபீஸ் வாக்கியத்தின்மேல் தமிழ்ச் சொற்களை ஒட்டியது. எலும்பு ஆங்கிலம், தோல்தான் தமிழ். அதை நாம் 'செந்தமிழ்' என்று பெயரிட்டு வணங்குகிறோம். என் அண்ணன் மகனின் வாக்கியத்தில் அத்தை எங்கே இருக்கிறாள், பாங்கு எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். 'தங்கள்' என்று தொடக்கத்தில் ஒருமுறை வருகிறது. அப்புறம் ஆளே இல்லை. காகிதங்கள் தாமாகச் சமர்ப்பிக்கப்படுகின்றன; செயல்பாடுகள் தாமாக மட்டுப்படுத்தப்படுகின்றன. பஸ் ஏறிப் போய்க் கொடுக்க வேண்டியது அத்தை என்பதையும், பணம் எடுப்பதை நிறுத்தப் போகிறது பாங்கு என்பதையும் அந்த வாக்கியம் சொல்லவே இல்லை. மரியாதை 'நீங்கள்' என்ற சொல்லிலும் 'கொடுங்கள்' என்ற வினையிலும் இருக்கிறது. அதற்குச் 'சுயசான்றொப்பம்' தேவையில்லை.

"அப்படியானால் உங்கள் சித்தப்பா மகன் எழுதியதுதான் சரி என்கிறீரா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. அது அதைவிட மோசம்.

முதலாவது, அதில் உண்மை இல்லை. பையன் முதலில் அனுப்பிய படத்தில் அவனுடைய கட்டைவிரல் ஒரு வரியின் தொடக்கத்தை மறைத்திருந்தது. மறைந்துபோனது 'மாற்றம் எதுவும் இல்லாவிட்டால்' என்ற பகுதி. நோட்டீஸின் உயிரே அதில்தான் இருந்தது. பெயரும் விலாசமும் பழையபடி இருக்கிறவர்கள், எதுவும் மாறவில்லை என்று தாமே எழுதிக் கொடுத்தால் போதும் என்பது ரிசர்வ் வங்கியே வகுத்திருக்கிற விதி. நோட்டீஸ் அத்தாட்சி கேட்டது விலாசம் மாறியவர்களிடம்தான். அண்ணன் மகன் 'முழுப் பக்கமும் தெரிகிறமாதிரி இன்னொரு படம் அனுப்பு' என்று கேட்டு வாங்கி எழுதினான். சித்தப்பா மகன் கேட்கவில்லை; தெரிந்ததை வைத்துத் தெரியாததை ஊகித்துவிட்டான். பேச்சுத் தமிழுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அது வழுவழுவென்று ஓடுவதால் நடுவே உள்ள பள்ளம் தெரிவதில்லை. அகராதித் தமிழ் எழுதுகிறவனுக்கு ஒரு சொல் குறைந்தால் வாக்கியம் முடியாது. அவன் நின்றாக வேண்டும். பேச்சுத் தமிழில் எழுதுகிறவன் 'ஏதோ கேக்கான்' என்று தாண்டிப் போய்விடலாம்.

இரண்டாவது, 'ஆதார எடுத்துட்டுப் போய் குடு' என்றான். நோட்டீஸ் கேட்டது நகலை. விலாசம் மாறியிருந்தால் நகலின்மேல் அத்தை கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். இவன் சொன்னபடி செய்தால் அத்தை அசல் அட்டையையே கௌண்டரில் நீட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பாள். 30ஆம் தேதி என்ற கெடுவும் 'சீக்கிரம்' என்ற சொல்லில் கரைந்துபோயிற்று. 'நிறுத்தி வைக்கலாம்' என்பது 'எடுக்க முடியாது' என்று ஆகிவிட்டது.

மூன்றாவதுதான் என்னை மிகவும் கவலைக்குள்ளாக்கியது. 'கேஒய்சி கேக்கான், சீக்கிரம், இல்லனா காச எடுக்க முடியாது' என்ற இந்தத் தொனியை நீங்கள் எங்கே கேட்டிருக்கிறீர்கள்? பாங்கு மானேஜர் என்று பொய் சொல்லிப் போன் செய்து, ரகசிய எண்ணைக் கேட்டு வாங்கி, கணக்கைத் துடைத்துக்கொண்டு போகிற திருடர்கள் பேசுவது இதே சொற்களை, இதே அவசரத்தோடுதான். வீட்டுப் பிள்ளையே அந்தக் குரலில் எழுதிப் பழக்கிவிட்டால், நாளைக்கு உண்மையான திருடன் பேசும்போது அத்தைக்கு அது வீட்டுக் குரலாகத்தானே படும்?

இன்னொன்றும் உண்டு. இதை நான் தொழில் அனுபவத்தில் சொல்லுகிறேன். இருபது வருஷமாக வட்டார வழக்கை எழுதிப் பிழைக்கிறவன் நான். பேச்சை எழுத்தில் வடித்தால் அது படிப்பதற்கு லேசாக இருக்கும் என்பது பெரிய மயக்கம். காதுக்குத்தான் அது லேசு, கண்ணுக்கு அல்ல. நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படிக்கக் கற்றுக்கொண்டது எழுத்துத் தமிழில். 'கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்' என்பதைக் கண் ஒரே பார்வையில் விழுங்கிவிடும். 'குடுத்துட்டு வந்துருங்க' என்பதை மனத்துக்குள் வாய்விட்டு உச்சரித்த பிறகுதான் அர்த்தம் தெரியும். அதுவும் நெல்லைக்காரர் எழுதியதைக் கோயம்புத்தூர்க்காரர் படித்தால் இரண்டு முறை உச்சரிக்க வேண்டும். கதையில் அந்தத் தடங்கலே ஒரு சுவை, ஆகவே வைக்கிறேன். பூதக்கண்ணாடியால் ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்கிற கிழவிக்கு அது சுவையல்ல, தண்டனை. பேசுவதுபோல் எழுதிவிட்டால் பெரியவர்களுக்குப் புரிந்துவிடும் என்கிறவர்கள் பெரியவர்கள் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

ஆகவே 'செந்தமிழா, கொடுந்தமிழா?' என்று இரண்டு கட்சி கட்டி நிற்பதே வீண். நான் கேட்பது வேறு கேள்வி. அவர்கள் இதைக் கண்ணால் படிக்கப் போகிறார்களா, காதால் கேட்கப் போகிறார்களா? படிக்கப் போகிறார்கள் என்றால் எழுத்துத் தமிழில் எழுதுங்கள். பத்திரிகைக் கதையில் பாத்திரங்கள் பேசாத இடங்களில் வருகிறதே, அந்த எளிய தமிழ். சின்ன வாக்கியம், ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை. கேட்கப் போகிறார்கள் என்றால் பேசுங்கள். அப்போது வீட்டில் பேசுகிற தமிழைத் தவிர வேறெதுவும் பேசாதீர்கள். பேசும்போது 'சமர்ப்பிக்க' என்று சொல்லுகிறவனும், எழுதும்போது 'குடுத்துரு' என்கிறவனும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். இருவரும் எதிரே இருக்கும் ஆளைப் பார்க்கவில்லை.

நான் அன்று அத்தைக்கு எழுதி அனுப்பியதை அப்படியே தருகிறேன். இலக்கியம் என்று அல்ல, உபயோகப்பட்டது என்பதற்காக.

"அத்தை, இது கடன் பற்றிய காகிதம் அல்ல. கணக்கு வைத்திருக்கிற எல்லோரிடமும் பாங்கு சில வருஷங்களுக்கு ஒரு முறை பெயர், விலாசத்தைச் சரிபார்க்கும். அதற்காக வந்தது.

உங்கள் பெயரும் விலாசமும் பழையபடியே இருந்தால், 'எதுவும் மாறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பாங்கில் கொடுத்தால் போதும்.

விலாசம் மாறியிருந்தால் மட்டும், புது விலாசம் உள்ள ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸின்மேல் நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

கடைசி நாள் 30ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. அன்றைக்கும் கொடுக்கலாம்.

கொடுக்காவிட்டால், நீங்கள் பணம் எடுப்பதைப் பாங்கு நிறுத்தி வைக்கலாம்.

இதுவரை நோட்டீஸில் இருப்பது. இனி நான் சொல்லுவது: பாங்கில் போய் 'கேஒய்சி' என்று சொல்லுங்கள், அவர்களுக்கு அதுதான் புரியும். அசல் அட்டையைக் காட்டலாம். கொடுத்துவிட்டு வர வேண்டாம். போனில் யாராவது இதைப் பற்றிப் பேசி நம்பர் கேட்டால் சொல்ல வேண்டாம். நோட்டீஸ் எந்த நம்பரையும் கேட்கவில்லை."

இதில் நான் செய்த சில காரியங்களை மட்டும் விளக்குகிறேன். 'கேஒய்சி' என்ற ஆங்கில எழுத்துக்களை அப்படியே விட்டேன். என் தமிழாசிரியச் சிநேகிதருக்கு இதுதான் பெரிய குற்றமாகப் பட்டது. ஆனால் அத்தை கௌண்டரில் போய் நின்று, "வாடிக்கையாளர் அடையாள விவரம் புதுப்பிக்க வந்தேன்" என்று சொன்னால் அங்கே இருக்கிற பிள்ளை விழிப்பான். ஒரு சொல் வாசலைத் திறக்கிற சாவியாக இருந்தால், அந்தச் சாவியை உருக்கித் தமிழில் வார்த்துக் கொடுப்பது உபகாரம் அல்ல. பெயர்களை ஆபீஸ் சொல்லுகிறபடியே விடுங்கள். வினைகளை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். 'எழுது, கையெழுத்துப் போடு, கொடு, காட்டு' இந்த நான்கு வினைகளுக்குள் அந்த நோட்டீஸ் முழுவதும் அடங்கிவிட்டது.

'30ஆம் தேதிக்குள்' என்று நான் எழுதவில்லை. 'உள்' என்றால் 30 சேர்த்தியா இல்லையா என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கு உண்டு. 'அன்றைக்கும் கொடுக்கலாம்' என்று பச்சையாகச் சொன்னேன். கிழமையையும் பார்த்துப் போட்டேன்; ஏனென்றால் மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் பாங்கு கிடையாது. கெடு அப்படியொரு நாளில் விழுந்தால் முதல் நாளே போக வேண்டியிருக்கும்.

'லாம்' என்பதை 'லாம்' என்றே வைத்தேன். 'நிறுத்திவிடுவான்' என்று பயமுறுத்துவதற்கோ, 'அதெல்லாம் ஒன்றும் செய்யமாட்டான்' என்று தட்டிக் கொடுப்பதற்கோ மொழிபெயர்ப்பவனுக்கு அதிகாரம் இல்லை. என் பங்குக்குச் சொல்ல வேண்டியதைக் கோடு கிழித்துத் தனியாகச் சொன்னேன். பாங்கு சொன்னது எது, மருமகன் சொன்னது எது என்று அத்தைக்குத் தெரிய வேண்டும்.

பேச்சு வழக்கில் சில சொற்கள் பொய்யே சொல்லும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பாங்குப் படிவங்களில் 'நாமினி' என்று ஒரு கட்டம் உண்டு. நம் வீடுகளில் அதைச் சர்வசாதாரணமாக 'வாரிசு' என்கிறோம். ஆபீஸ் தமிழில் 'நியமனதாரர்'. முந்தியது தப்பு, பிந்தியது யாருக்கும் எதையும் உணர்த்தாத சொல். கணக்குக்காரர் காலமானபின் பாங்கு யார் கையில் பணத்தைக் கொடுக்கலாமோ அவர் நாமினி. அந்தப் பணத்துக்கு உரிமைக்காரர் யார் என்பதை வாரிசுச் சட்டமோ உயிலோதான் தீர்மானிக்கும். பாங்குக் கணக்கைப் பற்றிய ஒரு வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 'வாரிசு பெயர் கேக்கான்' என்று நாம் மொழிபெயர்த்துவிட்டு, பெரியவர் பக்கத்தில் இருக்கும் ஒரே பிள்ளையின் பெயரை எழுதிவிட்டு, 'இவனுக்கே எழுதி வைத்துவிட்டேன்' என்று நிம்மதியாகப் போய்ச் சேர்ந்த பிறகு, மிச்சமிருக்கிற பிள்ளைகள் கோர்ட்டு வாசலில் நிற்கிறார்கள். ஒரே சொல்லின் மொழிபெயர்ப்பு செய்கிற வேலை அது. இதற்கு ஒற்றைச் சொல்லில் பரிகாரம் கிடையாது. 'நாமினி' என்று சொல்லி, 'உங்களுக்குப் பிறகு பாங்கு பணத்தை யார் கையில் கொடுக்கட்டும் என்று எழுதுகிற பெயர். சொத்து எழுதி வைப்பது அல்ல' என்று ஒரு வாக்கியம் செலவு செய்துதான் ஆக வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்கிற கஞ்சத்தனம் இங்கே உதவாது.

அத்தை கதைக்கு வருகிறேன். எழுதியதை அனுப்பிவிட்டு நான் போனும் செய்தேன். "புரிஞ்சுதா அத்தே?" என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு எந்தப் பெரியவரும் 'புரியவில்லை' என்று பதில் சொல்லமாட்டார்; சின்னவன் முன்னால் அப்படிச் சொல்லுவது யாருக்கும் கௌரவக் குறைவு. "என்ன செய்யப் போறிய?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "ஒண்ணும் மாறலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டு போணும். முப்பதாந் தேதி செவ்வாக் கிழமை வரைக்கும் டயம் இருக்கு." சற்று நிறுத்திவிட்டு, "ஆனா எப்பா, முனிசிபாலிட்டிக்காரன் கதவு நம்பரை மாத்திட்டானே. பழைய நம்பர் ஒண்ணு, புது நம்பர் ஒண்ணு. அது மாறினதா, மாறலையா?" என்று கேட்டாள்.

பாருங்கள், வாசகர்களே! நோட்டீஸில் கேட்கத்தக்க ஒரே நல்ல கேள்வி அதுதான். எஞ்சினீயருக்கும் தோன்றவில்லை, வியாபாரிக்கும் தோன்றவில்லை, எழுத்தாளனான எனக்கும் தோன்றவில்லை. விஷயம் விளங்கிய மறுகணமே அந்த ஐந்தாம் வகுப்புக்காரிக்குத் தோன்றியது. முந்தின ராத்திரி முழுவதும் 'பற்று'க்கும் 'உறுதிமொழி'க்கும் பயந்துகொண்டிருந்தவளுக்கு இந்தக் கேள்வி வந்திருக்க முடியாது. எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் மொழிபெயர்க்கக் கூடாது என்பதனால், "பாங்குலயே கேட்டுக்கிடுங்க அத்தே. ரெண்டு நம்பரும் இருக்கிற வீட்டு வரி ரசீதையும் கையிலே வச்சுக்கிடுங்க" என்றேன்.

போனாள். காரியம் முடிந்தது. கதவு எண் மாறியதைத் தனியாக எழுதி வாங்கிக்கொண்டார்களாம்.

என் அண்ணன் மகனுக்கு என்மேல் வருத்தம். "நல்ல தமிழில் எழுதியதற்கு ஏச்சா, சித்தப்பா?" என்று கேட்டான். நல்ல தமிழ் என்பதில்தான் தம்பி நமக்குள் தகராறு. உன் தமிழ் அந்த ஆங்கில நோட்டீஸுக்கு விசுவாசமாக இருந்தது. பாங்கின் வக்கீலுக்கு அதை நீ மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தால் உன்னைத்தான் பாராட்டியிருப்பேன். அங்கே 'சுயசான்றொப்பம்' இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. ஆனால் அதைப் படிக்கப் போவது பாட்டி. அவள் கையில் பூதக்கண்ணாடியும், மனத்தில் மாமாவின் பென்ஷனும் இருக்கின்றன.

அடுத்த தடவை குடும்பக் குழுவில் ஒரு காகிதத்தின் படம் வந்து விழும்போது, முழுப் படமா என்று பாருங்கள். விரல் எதையாவது மறைத்திருந்தால் இன்னொரு படம் கேளுங்கள். யார், எதை, எந்தத் தேதிக்கு, செய்யாவிட்டால் என்ன என்று எழுதுங்கள். எழுதி அனுப்பிவிட்டு உங்கள் அத்தைக்கோ மாமாவுக்கோ ஒரு போன் போட்டு, "என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்லுவதில் ஏதாவது குறைந்தால், அவர்களுக்குப் புரியவில்லை என்று சொல்லாதீர்கள். நீங்கள் எழுதியதில் அது இல்லை, மறுபடியும் எழுதுங்கள்.